முன்னாள் ஊழியரைப் பற்றி விசாரித்து மெயில் வந்தால்: என் அனுபவம்

மணலியில் ஒரு சரக்குக் கிடங்கில் ஹெச்ஆர் வேலை. ஸ்டாக் குறைந்தது பற்றிய விசாரணை முடிவதற்குள் ராஜினாமா செய்து போன சூப்பர்வைசர் ஒருவரைப் பற்றி, அவரை வேலைக்கு எடுக்கவிருந்த நிறுவனத்திடமிருந்து வெரிஃபிகேஷன் படிவம் வந்தது. ‘நேர்மையில் குறை உண்டா?’, ‘மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா?’ என்று இரண்டு கட்டங்கள்.

காலியாக விட்டு அனுப்பினேன். ‘பாதகம்’ என்று பதிந்துவிட்டார்கள். போனில் சொல்வதும் சரிவராது; நாம் பேசியதை அவர்கள் தங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்வார்கள். நிரூபணமாகாத சந்தேகத்தை எழுதினால் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவில் அவதூறு வழக்கு வரலாம். ‘குறை இல்லை’ என்றும் எழுத முடியாது, விசாரணையே முடியவில்லையே.

படிவத்தை விட்டுவிட்டு லெட்டர்ஹெட்டில் எழுதியதும்தான் தீர்ந்தது. முதலில், விவரம் தரலாம் என்று அந்த சூப்பர்வைசர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் கேட்டு வாங்கினேன். பிறகு பதவி, சேர்ந்த தேதி, ராஜினாமா ஏற்கப்பட்டு விலகிய தேதி. கடைசியில் இந்த வரி:

‘எந்த முன்னாள் ஊழியருக்கும் பதிவேட்டில் உள்ள இவ்விவரங்களை மட்டுமே தருகிறோம். மற்றவற்றுக்குப் பதில் தராததைச் சாதகமாகவோ பாதகமாகவோ கொள்ள வேண்டாம்.’

இதை எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்ப வேண்டும். ஒருவருக்குப் பாராட்டு எழுதினால், அடுத்தவருக்கு நம் மௌனமே குற்றச்சாட்டாகிவிடும்.

பலர் கவனிக்காதது சேர்ந்த தேதி. இந்த சூப்பர்வைசர் முதலில் கான்ட்ராக்டர் மூலம் எங்களிடம் வேலை பார்த்தவர். பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியில் அந்தக் காலம் கான்ட்ராக்டர் பெயரில் இருக்கும். கான்ட்ராக்டரிடம் இருந்த காலத்தையும் நம் நேரடி ஊழியரான தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள். இல்லையென்றால் ஊழியர் அனுபவத்தைக் கூட்டிச் சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்.