பிரியாணிக் கடை விலைப்பட்டியலில் ஜி.எஸ்.டி.யைச் சேர்த்துப் போடுவது எப்படி?

பலகையில் மட்டன் பிரியாணி 260 ரூபாய் என்று இருக்கும். அதைப் பார்த்துச் சாப்பிட்டவர் கல்லாவுக்கு வந்தால் பில் 273 காட்டும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பல பேர் கையில் இருக்கும் காசை எண்ணிப் பார்த்துதான் ஆர்டர் கொடுக்கிறார்கள். அவர்களை 13 ரூபாய்க்காகக் கல்லாவில் நிற்க வைப்பது நியாயமில்லை. கொடுக்கப்போகும் தொகையே பலகையில் இருக்க வேண்டும்.

முதலில் உங்கள் பதிவைப் பாருங்கள்

இங்கே சொல்வது, வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவோடு 5 சதவீதம் வசூலிக்கும் சாதாரண சாப்பாட்டுக் கடைக்கு. இதில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5. நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால், வாடிக்கையாளரிடம் வரி என்று ஒரு பைசாகூட வாங்கக் கூடாது. உங்கள் வரியை விற்பனையிலிருந்து நீங்களே கட்டுகிறீர்கள். அதனால் ‘ஜி.எஸ்.டி. உட்பட’ என்ற வாசகமும் உங்கள் பலகைக்குப் பொருந்தாது. வெறும் விலையைப் போட்டால் போதும். பதிவே இல்லாத கடைக்கும் அப்படித்தான்.

கடைசி விலையை முடிவு செய்யுங்கள்

பழைய விலையோடு 5 சதவீதம் கூட்டி 273 என்று அப்படியே எழுதலாம். ஆனால் மதிய நேரக் கூட்டத்தில் சில்லறை தேடியே நேரம் போய்விடும். 270 அல்லது 275 என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. நான் 270 பக்கம்தான் சாய்வேன். விலையை மாற்றும் நாளில் கொஞ்சம் இறங்கி வந்தால், ‘வரி என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள்’ என்ற பேச்சு எழாது.

உள்ளே இருக்கும் வரியைப் பிரியுங்கள்

நிறைய பேர் தடுமாறும் இடம் இது. 270-க்கு 5 சதவீதம் என்று 13.50 ரூபாயைக் கழிக்கக் கூடாது. வரி போடுவது அடிப்படை விலையின் மேல். 270 என்பதோ வரியும் சேர்ந்த தொகை. அதனால் 105 பங்கில் 5 பங்குதான் வரி. எக்செலில் B2 கட்டத்தில் கடைசி விலையை எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=ROUND(B2*100/105,2)
```

270-க்கு 257.14 வரும். மீதி 12.86 வரி, மத்திய, மாநில வரி தலா 6.43. தவறான கணக்கோடு ஒப்பிட்டால் ஒரு பிளேட்டுக்கு 64 பைசா வித்தியாசம். ஒரு நாளைக்கு 100 பிளேட் போனால் 64 ரூபாயைத் தேவையில்லாமல் வரியாகக் கட்டுவீர்கள்.

சிக்கன் பிரியாணிக்கு 190 வைத்தால் அடிப்படை விலை 180.95, வரி தலா 4.52. கூட்டினால் 189.99தான் வரும். பயப்பட வேண்டாம். அந்த ஒரு பைசா பில்லில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று சரியாகிவிடும்.

பில்லிங் மெஷினை மாற்றுங்கள்

பலகையை மட்டும் மாற்றிவிட்டு மெஷினை மறந்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும். ஒவ்வொரு ஐட்டத்திலும் வரி விலைக்குள் அடங்கியதா, மேலே சேர்ப்பதா என்று கேட்கும் இடம் இருக்கும். பெரும்பாலும் `Tax Inclusive` என்ற பெயரில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து, விலையையும் 270 என்று மாற்றிவிட்டு ஒரு மட்டன் பிரியாணிக்கு பில் அடித்துப் பாருங்கள். 270 வந்தால் சரி. 283.50 வந்தால் வரி மேலேயே ஏறுகிறது என்று அர்த்தம். பலகையில் வரி அடங்கியிருந்தாலும் பில்லில் வரித்தொகையைத் தனியாகக் காட்டியாக வேண்டும், அதை நீக்கிவிடாதீர்கள்.

பார்சல் டப்பாவுக்குக் காசு வாங்கினால் அதற்கும் வரி உண்டு. அதையும் வரி சேர்த்த விலையாகவே பலகையில் எழுதுங்கள். தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடங்கியிருக்கிறது, அதன் மேல் எதுவும் சேர்க்காதீர்கள்.

பலகை, மெனு கார்டு, வாட்ஸ்அப்

மூன்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். ‘எல்லா விலையும் ஜி.எஸ்.டி. உட்பட’ என்ற வாசகம் விலைகளுக்கு மேலே, விலையின் அளவு எழுத்திலேயே இருக்கட்டும். கீழே பொடி எழுத்தில் போட்டால் யார் கண்ணிலும் படாது.

டெலிவரி ஆப்பில் மட்டும் வேறு விலை

2022 ஜனவரி 1 முதல், ஆப் வழியாக விற்கும் சாப்பாட்டுக்கான 5 சதவீத வரியை ஆப் நிறுவனமே வசூலித்து அரசுக்குக் கட்டுகிறது. அங்கே 270 என்று ஏற்றினால் அதன் மேல் மறுபடி வரி விழுந்து 283.50 ஆகிவிடும். ஆகவே அங்கே 257.14 என்ற அடிப்படை விலையிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். ஆப்பின் கமிஷனுக்காக ஏதாவது கூட்டுவதாக இருந்தால் அந்தத் தொகையோடு கூட்டுங்கள், பலகை விலையோடு வேண்டாம்.