வெண்பட்டு வேட்டி மஞ்சளாகாமல் காயப்போடுவது எப்படி?

சேலம் வெண்பட்டு வேட்டியை மொட்டைமாடி வெயிலில் அடிக்கடி காயப்போட்டால் வெண்மை போய்ப் பழுப்பேறிவிடும். அது அழுக்கல்ல, துவைத்தாலும் போகாது. பட்டு நார் ஒரு புரதம். அதிலுள்ள டைரோசின், டிரிப்டோபான் என்ற அமினோ அமிலங்கள் புற ஊதாக் கதிரை உறிஞ்சி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து மஞ்சளாகின்றன. கூடவே புரதச் சங்கிலியும் அங்கங்கே அறுந்து நார் வலுவிழக்கிறது. அதனால்தான் பழைய பட்டு முதலில் மடிப்பில் கிழிகிறது. வெளுக்கவைக்கலாமென்று குளோரின் பிளீச் ஊற்றினால் பட்டே கரையத் தொடங்கும்.

முதலில் அலசல். சோப்பு மிச்சமிருந்தால் மஞ்சளாவது கூடும். எனவே குளிர்ந்த நீரில், மென்மையான திரவ சோப்பில் துவைத்து, நுரை முற்றிலும் போகும்வரை அலசுங்கள். சலவை சோடா கலந்த தூள் வேண்டாம்.

அடுத்து, முறுக்கிப் பிழியாதீர்கள். ஈரப் பட்டுக்கு வலு குறைவு. உலர்ந்த பருத்தித் துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும்.

பிறகு காற்றோட்டமான நிழலில் போடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் விழும் வெயில் நிழல் ஆகாது, நீண்ட அலைநீளப் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதி கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். மெல்லிய கொடியில் நேரடியாகப் போட்டால் கோடு விழும், கீழே ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் தொங்கவிடுங்கள். லேசான ஈரமிருக்கும்போதே எடுத்து, உட்புறமாகக் குறைந்த சூட்டில் தேயுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்கள் குளிரை நம்பி ஏமாறக்கூடாது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ந்திருந்தாலும் புற ஊதாக் கதிர் சேலத்தைவிடக் கூடுதல்தான். கெடுப்பது சூடல்ல, கதிர்.

சாயப் பட்டில் வேறொரு தொல்லை. ஒளி சாய மூலக்கூற்றை உடைக்கும், ஈரமிருந்தால் பல சாயங்கள் இன்னும் வேகமாக வெளிறும். புதுச் சேலையின் சாயம் வெயில் தாங்குமா என்று பார்க்க, ரவிக்கைத் துணியில் மிஞ்சிய துண்டின் பாதியை அட்டையால் இறுக்கி மூடி, ஒரு வாரம் வெயில் படும் இடத்தில் வையுங்கள். அட்டையை எடுத்ததும் நடுவில் கோடு தெரிந்தால் அந்தச் சேலைக்கு நிழல் மட்டுமே. பழைய சேலையென்றால் ஓரத் தையலைத் திருப்பி, உள்மடிப்பின் நிறத்தை வெளிப்பக்கத்தோடு ஒப்பிட்டாலே போதும்.

கம்பளிக்கும் நைலானுக்கும் நிழல்தான். பாலியெஸ்டர் நார் வெயிலை ஓரளவு தாங்கும். வெள்ளைப் பருத்தி வேட்டியைத் தாராளமாக வெயிலில் போடலாம், ஆனால் காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். தினமும் மாலைவரை கிடந்தால் பருத்தியும் நாளடைவில் நைந்துபோகும்.