ஏசி பைப்பில் நீர் சொட்டுகிறதா?

காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன் மேலும் நீர் படியும். ஏசியின் தடித்த செம்புக்குழாய் சுமார் 10 டிகிரியில் இருக்கும். மூடாவிட்டால் வியர்க்கத்தான் செய்யும். குளிர்காற்று செல்லும் டக்ட்டுக்கும் இதே கதைதான்.

பெரும்பாலான ஸ்ப்ளிட் ஏசிகளில் மெல்லிய குழாயும் குளிரும் என்பதால், இரண்டுக்கும் தனித்தனியாக நைட்ரைல் ரப்பர் உறை போடுங்கள். சாதாரண ஸ்பாஞ்ச் நீரை உறிஞ்சிக்கொள்ளும், வேண்டாம். இணைப்புகளைப் பசையால் ஒட்டுங்கள். டேப்பை இறுக்கிச் சுற்றினால் உறை நசுங்கி, அந்த இடமே வியர்க்கும்.

சொட்டும் இடத்தில் மட்டும் உறையின் விரிசலைத் தேடாதீர்கள். நீர் உறைக்குள்ளேயே ஓடித் தாழ்வான இடத்தில்தான் வெளிவரும். விரிசல் மேலே இருக்கலாம். விரிசலே இல்லாமல் உறையின் வெளிப்புறம் நனைந்தால் தடிமன் போதவில்லை, 9 மி.மீ. உறையை 19 மி.மீ. ஆக மாற்றுங்கள்.