பாதியில் நின்ற பணிக்கு அனுப்பிய பில்

ஏற்காட்டில் உள்ள ஒரு தங்கும் விடுதிக்காகக் கட்டுரை ஒன்றுக்கு ரூ.2,500 வீதம் 12 கட்டுரைகள் எழுத ஒப்புக்கொண்டேன். 5 கட்டுரைகளை அனுப்பி, மேலும் இரண்டைப் பாதி எழுதியிருந்த நிலையில், “திட்டத்தைக் கைவிட்டுவிட்டோம், வேலை முடியாததால் பணம் இல்லை” என்று உரிமையாளர் தெரிவித்தார். முன்பணம் வாங்காதது என் தவறு.

சேலத்தில் என் மேசையில் அமர்ந்து, மொத்தத் தொகையைக் கேட்காமல், ரத்தான நாள்வரை செய்த வேலைக்கு மட்டும் பில் தயாரித்தேன். ஒவ்வொரு கட்டுரையின் தலைப்புக்கும் எதிரே அனுப்பிய தேதியையும், “நன்றாக உள்ளது” என்று அவர் பதில் அனுப்பிய தேதியையும் குறித்தேன். அந்த மின்னஞ்சல்களையும் இணைத்தேன். அரைகுறை வரைவுகள் இரண்டுக்கும் பாதித் தொகை சேர்த்ததில் ரூ.15,000 ஆனது. செலுத்த 15 நாள் அவகாசம் அளித்தேன்.

பலன் தந்தது கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தனித்து எழுதுபவரே பொதுவாக முதல் உரிமையாளர். எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராதவரை அவ்வுரிமை அவரிடமே இருக்கும். ஆகவே, “முழுத் தொகை வந்த பின்னரே உரிமை தங்களுக்கு மாறும், அதுவரை இவற்றை வெளியிட அனுமதியில்லை” என்று எழுதினேன். மூன்று கட்டுரைகள் ஏற்கெனவே விடுதியின் இணையதளத்தில் இருந்தன.

வரைவுகளுக்கான தொகையை மட்டும் அவர் மறுத்தார். அவை அவர் கையில் சேரவில்லை என்பதால் அதை விட்டுக்கொடுத்தேன், ரூ.12,500 வங்கிக் கணக்கில் வந்ததும், ஐந்து கட்டுரைகளுக்கும் உரிமை மாற்றக் கடிதத்தைக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.