பாஸ்புக்கில் ஒரு 436, ஒரு 20: கணவர் இறந்த பிறகு வங்கி, காப்பீட்டு வேலைகளை எந்த வரிசையில் முடிப்பது?

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் என் அக்காவின் வீட்டுக்காரர், குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்துபோனார். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு வங்கிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், இவ்வளவுதான் மாமாவின் வரவு செலவு. எல்ஐசி எதுவும் போட்டிருக்கவில்லை. அதனால் காப்பீடே கிடையாது என்று குடும்பத்தில் எல்லாரும் முடிவு கட்டியிருந்தோம். உண்மையில் அவர் கணக்கில் நான்கு லட்சத்துக்குக் காப்பீடு இருந்தது. அதைக் கண்டுபிடித்து வாங்கிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: இறப்புச் சான்றிதழ்

இறப்பு எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவாகும். வீட்டில் இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம். தஞ்சாவூர் மருத்துவமனையில் இறந்தால் பதிவும் தஞ்சாவூரில்தான், சொந்த ஊரில் தேடினால் கிடைக்காது. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் நடந்த இறப்பை அவர்களே பதிவாளருக்கு அனுப்பிவிடுவார்கள். பதிவானதும் crstn.org தளத்தில் சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம்.

மருத்துவமனையிலிருந்து தகவல் போவதற்கு முன்பே ஆதாரைக் கொண்டுபோய்ப் பெயரைச் சரிபாருங்கள். அவசரத்தில் கூட வந்தவர்கள் சொன்ன கூப்பிடுபெயரை எழுதியிருப்பார்கள். இன்னொரு தொல்லை இனிஷியல். அப்பா பெயர் கோவிந்தசாமி என்றால் ஆதாரில் G, வங்கியில் K, சான்றிதழில் தமிழில் ‘கோ’ என்று மூன்று விதமாக இருக்கும். இனிஷியல் மட்டும் மாறியிருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். பெயரே தப்பாக இருந்தால் பத்திரம் உதவாது. பதிவாளரிடம் ஆதாரத்தோடு விண்ணப்பித்துச் சான்றிதழையே திருத்திவிடுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வைக்கலாம். இந்து குடும்பமாக இருந்து மாமியார் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசுதான், பெயரை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வரட்டும் என்று மற்ற வேலைகளை நிறுத்திவைக்க வேண்டாம். நாமினி இருக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பீட்டுக்கும் அது தேவையில்லை. பட்டா மாற்றத்துக்கும் நாமினி இல்லாத கணக்குக்கும்தான் தேவைப்படும்.

படி 2: பாஸ்புக்கில் மே மாத வரிகளைப் பாருங்கள்

வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் கடைசி இரண்டு வருட வரவு செலவைப் பதிந்து வாங்குங்கள். பதிவு விட்டுப்போயிருந்தால் ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். செயலியில் பார்ப்பதைவிட இது எனக்குப் பிடிக்கும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பேனாவால் கோடு போட்டுப் பார்க்க முடிந்தது.

தேட வேண்டியது இரண்டு தொகைகள். ஒன்று 436 ரூபாய், பக்கத்தில் PMJJBY என்று இருக்கும். இது பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம்: எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வயது வரை தொடரும். இன்னொன்று 20 ரூபாய், PMSBY என்று இருக்கும். இது சுரக்‌ஷா திட்டம்: விபத்தில் இறந்தால் மட்டும் 2 லட்சம், 70 வயது வரை. இரண்டுக்குமே வருடம் ஜூன் 1 முதல் மே 31 வரை. பணம் பெரும்பாலும் மே கடைசி வாரத்தில் தானாகப் பிடிக்கப்படும். வருட நடுவில் சேர்ந்தவர்களுக்கு முதல் முறை 436-க்குப் பதில் 342, 228 அல்லது 114 பிடித்திருப்பார்கள். அதனால் தொகையை மட்டும் நம்பாமல் எழுத்தையும் பாருங்கள்.

மே கடைசி என்பது நம் டெல்டாக்காரர்களுக்குப் பொல்லாத நேரம். ஜூன் 12-ல் மேட்டூர் திறக்கும் என்று விதைக்கும் உழவுக்கும் கணக்கைத் துடைத்து எடுத்திருப்போம். அந்த வாரம் கணக்கில் பணம் இல்லையென்றால் பிரீமியம் போகாது, காப்பீடும் நின்றுவிடும். போன வருடம் பிடித்தார்கள் என்பது இந்த வருடத்துக்கு ஆதாரம் ஆகாது. இறந்த நாள் எந்த ஜூன்-மே வருடத்துக்குள் வருகிறதோ அந்த வருடத்துப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வங்கிகளில் 436 பிடித்திருந்தாலும் கிடைப்பது ஒரு 2 லட்சம்தான்.

மாமாவின் கணக்கில் இரண்டுமே இருந்தன. எப்போதோ வங்கியில் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

படி 3: உங்கள் பெயரில் தனிக் கணக்கு

காப்பீட்டுப் பணம் நாமினியின் கணக்குக்கு வரும். அந்தக் கணக்கை, கணவர் கடன் வாங்கியிருக்கும் வங்கியில் தொடங்க வேண்டாம் என்பது என் கட்சி. நீங்கள் கூட்டாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போடாத வரை அந்தக் கடன் உங்கள் சொந்தக் கணக்கைத் தொடக்கூடாது. இருந்தாலும் ஒரே கவுண்டரில் இரண்டும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். தபால்காரர் வீட்டுக்கே வந்து தொடங்கித் தரும் அஞ்சல் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு வசதிதான், ஆனால் அதில் 2 லட்சத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. வேறொரு வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கே போதும். ஓடிபி உங்கள் செல்போனுக்கு வரட்டும், மகனுடைய எண்ணையோ கொழுந்தனாருடைய எண்ணையோ கொடுக்காதீர்கள்.

கணவரின் சிம்மை இப்போதைக்கு ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். வேறு எந்தப் பிடித்தம், எந்தத் தவணை இருந்தது என்பதெல்லாம் அதில் வரும் செய்திகளில்தான் தெரியும்.

படி 4: இரண்டு கிளெய்ம்கள்

படிவங்கள் jansuraksha.gov.in தளத்தில் தமிழிலேயே இருக்கின்றன. கணவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அங்கேதான் கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் கொடுப்பது நல்லது.

436 ரூபாய்த் திட்டம் எளிது. படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் ஆதார், நாமினியின் பாஸ்புக் முதல் பக்க நகல், பிடித்தம் தெரியும் பக்கத்தின் நகல். வங்கி 7 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் அடுத்த 7 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. கொடுத்த காகிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாவிட்டால் அந்த 7 நாள் எப்போது தொடங்கியது என்று கேட்கவே முடியாது.

20 ரூபாய்த் திட்டத்தில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். சாலை விபத்து, நீரில் மூழ்குவது போன்றவற்றுக்குக் காவல்துறைப் பதிவு வேண்டும். பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுவது போன்றவற்றுக்கு, உடனே பார்த்த மருத்துவமனையின் பதிவு வேண்டும். நாங்கள் மருத்துவமனை கொடுத்த இறப்புச் சுருக்கத்தை இணைத்தோம். அதில் காரணம் என்ற இடத்தில் இதயமும் மூச்சும் நின்றதாக மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது, பாம்பு என்ற பேச்சே இல்லை. இயற்கை மரணம் என்று கிளெய்ம் திரும்பி வந்தது.

எந்த மரணத்திலும் கடைசியில் இதயம் நிற்கத்தான் செய்யும். அது எதனால் நின்றது என்பது வேறு காகிதங்களில் இருக்கிறது. அவற்றை இந்த வரிசையில் தேடுங்கள். முதலில், கடித்தவுடன் போன ஆரம்ப சுகாதார நிலையத்தின் பரிந்துரைச் சீட்டு. பாம்புக்கடி என்று எழுதித்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார்கள். அடுத்து, அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அங்கே ஏஆர் காப்பி என்று கேட்டால் புரியும். மூன்றாவது, பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் அறிக்கையும் காவல் நிலைய முதல் தகவல் அறிக்கையும். எங்களுக்கு முதல் இரண்டுமே போதுமானதாக இருந்தன. அந்தப் பரிந்துரைச் சீட்டு மாமாவின் சட்டைப்பையில் மடித்துக் கிடந்தது. துணிகளைக் கொடுப்பதற்கு முன் பைகளைத் துழாவிவிடுங்கள். மறுபடி கொடுக்கும்போது, திரும்பி வந்த கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டு, எந்தக் காகிதத்தில் எந்த வரியில் பாம்புக்கடி என்று இருக்கிறது என எழுதி அடிக்கோடிட்டுக் கொடுத்தோம். பணம் வந்தது.

மாரடைப்பில் இறந்தவர்களுக்கு இந்த 20 ரூபாய்த் திட்டம் பொருந்தாது. அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

படி 5: கணக்கில் இருக்கும் பணமும் கடனும்

ஏடிஎம் கார்டு கையில் இருக்கிறதே என்று இறந்தவர் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். நாளைக்கு வேறொரு வாரிசு கேள்வி கேட்டால் பதில் இருக்காது. கூட்டுக் கணக்காக, யாராவது ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர் என்ற முறையில் இருந்தால், சான்றிதழ் கொடுத்து அவர் பெயரை நீக்கிவிட்டுத் தொடரலாம். நாமினி இருந்தால் கிளெய்ம் படிவம் கொடுத்து வாங்கலாம், ஆனால் அந்தப் பணத்தில் மற்ற வாரிசுகளின் பங்கு அப்படியே நிற்கும்.

கூட்டுறவுச் சங்கத்தில், பயிர்க்கடனை அக்கா பெயருக்குப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் பொறுப்பாவது, அவரிடமிருந்து வந்த சொத்தின் அளவு வரைதான். புதிதாகக் கையெழுத்துப் போட்டால் அது உங்கள் சொந்தக் கடன். முதலில் நிலுவை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். கிசான் கார்டுக் கடனோடு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தார்களா என்றும் கேளுங்கள். காப்பீட்டுப் பணம் வந்த பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். பிஎம் கிசான் தவணை வந்துகொண்டிருந்தால் இறப்பைத் தெரிவித்து நிறுத்துங்கள். பிறகு வந்த தவணையைத் திருப்பிக் கேட்பார்கள்.

பின்சேர்க்கை 1: நாமினி இடத்தில் மாமியார் பெயர் இருக்கிறதே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவர்கள் அம்மா பெயரைக் கொடுத்திருப்பார்கள். கிளெய்ம் படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும், பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். வங்கிக்குப் போவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: விவாகரத்து ஆனவர் ஒருவர் எழுதியிருந்தார். தீர்ப்பு வந்தாலும் வங்கியிலும் எல்ஐசியிலும் நாமினி பெயர் தானாக மாறாது. முன்னாள் கணவர் பெயர் அப்படியே இருக்கும். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாகப் படிவம் கொடுத்து மாற்றி, ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். கூட்டுக் கணக்கை மூட இருவர் கையெழுத்தும் வேண்டும். அதுவரை பணம் எடுப்பதை நிறுத்திவைக்கச் சொல்லி, தகராறு இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள். கடைசியாக எங்கள் வீட்டு விஷயம்: அக்கா தன் புதுக் கணக்கில் இப்போது அந்த இரண்டு திட்டங்களிலும் சேர்ந்திருக்கிறாள், நாமினி மகள். மே கடைசியில் 500 ரூபாயைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும் என்று காலண்டரில் எழுதியிருக்கிறாள்.