ஒரு மூட்டு அசையும்போது மற்றது நிற்க வேண்டும்: ஸ்டிஃப் லெக் டெட்லிஃப்ட்டிலும் லெக் கர்லிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடையின் பின்பக்கத்தை வளர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு பயிற்சிகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். காலை ஏறக்குறைய நேராக வைத்து, பாரைப் பிடித்தபடி இடுப்பிலிருந்து குனிந்து எழும் ஸ்டிஃப் லெக் டெட்லிஃப்ட் ஒன்று. மெஷினில் குப்புறப் படுத்து, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி மடக்கும் லையிங் லெக் கர்ல் மற்றொன்று. இரண்டும் ஒரே தசைக்குத்தானே, ஏதாவது ஒன்று போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. செய்முறையில் நடக்கும் மற்ற தவறுகளும் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன.

ஹாம்ஸ்ட்ரிங் என்று நாம் சொல்வது ஒரே தசை அல்ல. தொடையின் பின்னால் உள்பக்கம் இரண்டு தசைகள், வெளிப்பக்கம் இரண்டு தலைகள் உள்ள ஒரு தசை. உள்பக்கத் தசைகள் இரண்டும், வெளிப்பக்கத் தசையின் நீளமான தலையும், நாம் உட்காரும்போது இருக்கையில் அழுந்துகிற இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலையும் தாண்டி அதற்குக் கீழே உள்ள எலும்பில் ஒட்டுகின்றன. அதனால் அவற்றுக்கு இரண்டு வேலை: இடுப்பில், குனிந்த உடம்பை நிமிர்த்துவது, முழங்காலில், காலை மடக்குவது. வெளிப்பக்கத் தசையின் குட்டையான தலை மட்டும் தொடை எலும்பிலேயே தொடங்குகிறது. அது இடுப்பைத் தொடுவதே இல்லை. டெட்லிஃப்ட்டில் எவ்வளவு எடை ஏற்றினாலும் இடுப்பை நிமிர்த்துவதில் அதற்குப் பங்கு கிடையாது. முழங்கால் எடைக்கு எதிராக மடங்கினால்தான் அதற்கு முழு வேலை.

இதை உடம்பிலேயே உணரலாம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, குதிகாலைத் தரையில் ஊன்றுங்கள். முதுகை வளைக்காமல் முன்னால் சாயுங்கள். தொடையின் பின்னால் இழுவிசை ஏறும். சாய்ந்த நிலையிலேயே அந்த முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால், இழுவிசை உடனே இறங்கிவிடும். இடுப்பு அசையவே இல்லை. ஆனால் மேல்முனையில் இழுபட்ட தசைக்குக் கீழ்முனை தளர்வு கொடுத்துவிட்டது.

டெட்லிஃப்ட்டில் நடக்கும் முக்கியமான தவறு அப்படியே இதுதான். தொடக்கத்தில் முழங்கால் சற்றே மடங்கி இருக்கும், அது சரி. பார் கீழே போகப் போக முழங்காலும் கூடக்கூட மடங்கினால், இடுப்பு நீட்டியதை முழங்கால் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பார் இறங்குகிறது, ஹாம்ஸ்ட்ரிங் அவ்வளவாக நீளவில்லை, வேலை பிட்டத்துக்கும் முன்தொடைக்கும் போகிறது. மறுநாள் வலி முன்தொடையில் வந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதற்காக முழங்காலைப் பின்னால் தள்ளிப் பூட்டவும் கூடாது. பூட்டினால் இழுப்பு தொடையின் நடுவில் தெரியாமல் முழங்காலுக்குப் பின்னால், குழியில் தெரியும். சற்றே மடக்கி, அந்தக் கோணத்தைக் கடைசி ரெப் வரை மாற்றாமல் வைத்திருப்பதுதான் முறை.

இன்னொரு தவறு, பார் தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்ற பிடிவாதம். 60 கிலோவை எடுத்துக்கொள்வோம்: 20 கிலோ பார், பக்கத்துக்கு ஒரு 20 கிலோ பிளேட். 45 செ.மீ. விட்டமுள்ள பெரிய பிளேட் என்றால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். அதே 60 கிலோவைச் சிறிய 10 கிலோ பிளேட்டுகளால் ஏற்றினால் பார் இன்னும் தாழ்ந்துவிடும். ஆனால் உங்கள் இடுப்பு மடங்கும் அளவுக்கும் பிளேட்டின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. பக்கவாட்டில் ஃபோனை வைத்து ஒரு செட்டைப் பதிவு செய்து பாருங்கள். பார் இறங்கும்போது பிட்டம் பின்னால் போய்க்கொண்டே இருக்கும். ஓர் இடத்தில் பிட்டம் நின்றுவிடும், பார் மட்டும் தொடர்ந்து இறங்கும். அந்த நொடியில் கீழ்முதுகு வளையத் தொடங்குவதும் தெரியும். பிட்டம் நின்ற இடத்தில் ஹாம்ஸ்ட்ரிங்கின் நீட்சியும் நின்றுவிட்டது. அதற்குக் கீழே போனதெல்லாம் முதுகெலும்பின் கணக்கு. பார் முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கும்போதே பிட்டம் நின்றுவிட்டால், உங்களுக்கு அடிமட்டம் அதுதான். அங்கே ஒரு கணம் நின்று எழுந்தால் போதும். தரையிலிருந்து தொடங்கத்தான் வேண்டும் என்றால் பிளேட்டுக்கு அடியில் கட்டை வைத்து பாரை உயர்த்திக்கொள்ளலாம்.

மேலே வந்தபின் பின்னால் சாய்வதால் பயன் இல்லை. நிமிர்ந்து நிற்கும்போது எடை இடுப்புக்கு நேராக வந்துவிடுவதால் ஹாம்ஸ்ட்ரிங்குக்கு அங்கே சுமை மிகக் குறைவு. இந்தப் பயிற்சியின் கனமெல்லாம் கீழ்ப்பாதியில் இருக்கிறது.

லெக் கர்லில் நிலைமை தலைகீழ். இங்கே முழங்கால் அசைய வேண்டும், இடுப்பு நிற்க வேண்டும். ஆனால் கால் பாதிக்கு மேல் மடங்கியதும் பிட்டம் பென்ச்சிலிருந்து எழும்பும். இதை வெறும் ஒழுங்கின்மை என்று சொல்லிவிட முடியாது, உடம்புக்கு இதற்குக் காரணம் இருக்கிறது. குப்புறப் படுத்தால் இடுப்பு ஏறக்குறைய நேராக இருக்கும், எனவே தசை மேல்முனையில் ஏற்கனவே சுருங்கியிருக்கிறது. முழங்கால் மடங்க மடங்கக் கீழ்முனையிலும் சுருங்குகிறது. இரண்டு முனையிலும் குறுகிய தசையால் பலமாக இழுக்க முடியாது. பிட்டத்தைத் தூக்கினால் இடுப்பு மடங்கி, மேல்முனையில் கொஞ்சம் நீளம் கிடைக்கிறது, எடை ஏறிவிடுகிறது. பல மெஷின்களில் பென்ச் நடுவில் மேடாக வளைந்திருப்பதும் இடுப்புக்கு இந்தச் சிறு மடிப்பைக் கொடுக்கத்தான். அந்த மேடு கொடுப்பதற்கு மேல் நாமாகத் தூக்கினால் கீழ்முதுகு குழிந்து உந்துகிறது, முழங்காலின் வேலை அரைகுறையாகிறது.

35 கிலோவில் பிட்டம் எழும்புகிறது என்றால் 25-க்கு இறக்குங்கள். இடுப்பின் முன்பக்கத்தை பென்ச்சில் அழுத்தி, பிட்டத்தை லேசாக இறுக்கிக்கொண்டு மடக்குங்கள். இறக்கும்போது மூன்று எண்ணி இறக்குங்கள், கால் நேராகும் வரை. எடையைத் தொப்பென்று விட்டுவிட்டால் தசை நீண்டிருக்கும் பகுதியில் கிடைக்க வேண்டிய வேலை போய்விடும். படுப்பதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள்: முழங்காலின் வெளிப்பக்க மேடும் மெஷினின் சுழலும் அச்சும் ஒரே நேரில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உருளை காலில் மேலும் கீழும் வழுக்கும். அது குதிகாலுக்குச் சற்று மேலேயே நிற்க வேண்டும். பாதத்தை முன்னங்காலை நோக்கி மடக்கினால் ஆடுசதையும் உதவிக்கு வரும், ஏனென்றால் அதுவும் முழங்காலைக் கடக்கிறது. எடை கூடுதலாக ஏறும், ஆனால் அந்தக் கூடுதல் ஹாம்ஸ்ட்ரிங்கினுடையது அல்ல.

உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் மெஷின் இருந்தால் என் தேர்வு அதுதான். இடுப்பு மடங்கியிருப்பதால் தசை நீண்ட நிலையில் வேலை செய்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், 12 வாரப் பயிற்சிக்குப் பிறகு, இரு மூட்டுகளையும் கடக்கும் ஹாம்ஸ்ட்ரிங் தசைகள் படுத்துச் செய்த காலைவிட உட்கார்ந்து செய்த காலில் அதிகமாக வளர்ந்திருந்தன. குட்டைத் தலைக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. இடுப்பைக் கடக்காத தசைக்கு இடுப்பு எப்படி இருந்தால் என்ன?

ஒரே நாளில் இரண்டையும் செய்வதென்றால் டெட்லிஃப்ட் முதலில், 6 முதல் 10 ரெப். கர்ல் பிறகு, 10 முதல் 15. உட்காரும் எலும்புக்கு அருகில் குத்துவது போன்ற வலி வந்து, நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் தொல்லை கொடுத்தால், அது வழக்கமான தசை வலி அல்ல. தசைநாண் தொடங்கும் இடம் சீண்டப்பட்டிருக்கலாம். அப்போது டெட்லிஃப்ட்டின் ஆழத்தையும் எடையையும் குறைத்து, இடுப்பு நேராக இருக்கும் லையிங் கர்லை மட்டும் வலியில்லாத எடையில் தொடரலாம். வலி அடங்காவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டும்.