பிழை எந்த வரியில் தொடங்குகிறது? விடையைக் கீழிருந்து மேலே போட்டுப் பாருங்கள்

மாணவர் அனுப்பிய நோட்டுப் படத்தில் சமன்பாட்டின் விடை தப்பாக இருந்தால் முதல் வரியிலிருந்து படிக்க வேண்டாம், அவருடைய அந்தத் தப்பான விடையையே எடுத்துக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியிலும் போட்டுப் பாருங்கள். எந்த வரியில் இரண்டு பக்கமும் முதன்முதலாகச் சமமாகாமல் போகிறதோ, அதற்கும் அதன் கீழே உள்ள வரிக்கும் நடுவில்தான் பிழை.

உதாரணமாக:

```
3(x − 4) = 2x + 5
3x − 4 = 2x + 5
x = 9
```

இரண்டாம் வரியில் 9 போட்டால் இரு பக்கமும் 23. முதல் வரியில் இடது பக்கம் 15, வலது பக்கம் 23. அப்படியென்றால் அடைப்பை நீக்கும்போது 3 உள்ளே இருக்கும் 4-ஐப் பெருக்கவில்லை. (சரியான விடை 17.)

சரியான படி சமன்பாட்டின் தீர்வை மாற்றாது, பிழையான படி பெரும்பாலும் மாற்றிவிடும், அதனால்தான் இது வேலை செய்கிறது. கையெழுத்துக்கும் இது உதவும்: மேலும் கீழும் பொருந்தி நடுவில் ஒரு வரி மட்டும் ஒத்துவராவிட்டால், மாணவரைக் குறை சொல்லும் முன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அநேகமாக 1-ஐ நாம்தான் 7 என்று படித்திருப்போம்.

இரண்டு பிழைகள் இருந்தால் இது கடைசிப் பிழையைத்தான் காட்டும், முதலாவதை அதற்கு மேலே தேட வேண்டும். இருபக்கமும் x-ஆல் வகுத்து ஒரு தீர்வைத் தொலைத்திருந்தால் எல்லா வரியும் பொருந்தும், பிழை தெரியாது. வடிவியல் நிரூபணத்துக்கு உதவாது. வெறும் சுருக்கும் கணக்கென்றால் x-க்கு 3 மாதிரி ஏதாவது எண்ணைக் கொடுத்து, வரிக்கு வரி மதிப்பு எங்கே மாறுகிறது என்று பாருங்கள். 0, 1 மட்டும் வேண்டாம், அவை பிழையை மறைத்துவிடும்.